வந்த வழியே திரும்பிப் போவது வீண்வேலையா?

"பாதி விளையாட்டு நடப்பதிலேயே போய்விடுகிறது. ஒரு கதவைத் திறக்க முடியாது என்பான். எங்கேயோ போய் ஒரு பொருளை எடுத்துவரச் சொல்வான். பிறகு வந்த வழியே செக்குமாடு மாதிரி திரும்பி நடக்கவேண்டும். இதற்கா காசு கொடுத்து வாங்கினோம்?"

விடுதியில் என் அறைத்தோழர் ஒருவர் அடிக்கடி சொல்லும் குறை இது. அவர் மட்டுமல்லர், கணினி விளையாட்டுகளில் ஆர்வமுள்ள பலரும் 'மெட்ராய்ட்வேனியா' என்ற வகையைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள். குறிப்பாக நம்மைப் போல் ஒப்படைப்புகளுக்கும் பருவத் தேர்வுகளுக்கும் நடுவே ஒரு மணி நேரம் திருடி விளையாடுகிறவர்களுக்கு, ஏற்கெனவே பார்த்த இடத்தை மறுபடி பார்ப்பது எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனாலும் நான் இந்தக் குறையை முழுதாக ஏற்பதில்லை. திரும்பி நடப்பது இந்த வகை விளையாட்டின் பலவீனம் அன்று. அதன் உயிரே அதுதான் என்பது என் கருத்து. அந்த நடை வீண்வேலையாக மாறும் இடங்களும் உண்டு. எது எப்போது நேர்கிறது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில், இந்த வகையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட 'மெட்ராய்ட்', 1997இல் கொனாமி வெளியிட்ட 'கேஸல்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்' ஆகிய இரண்டு பெயர்களையும் ஒட்டிப் பிறந்த சொல்தான் மெட்ராய்ட்வேனியா. இவற்றில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று தனித்தனியாக இல்லை. முழு விளையாட்டும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே பெரிய உலகம். அதன் பல பகுதிகள் தொடக்கத்தில் எட்டாதவையாக இருக்கும். புதிய திறன் ஒன்றைப் பெறும்போது, முன்பு எட்டாத ஓரிடம் எட்டும். அந்த இடம் பெரும்பாலும் நமக்குப் பின்னால்தான் இருக்கும். ஆகவே திரும்பி நடக்கவேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் 1994இல் சூப்பர் ஃபமிகாம் கருவிக்கு வெளிவந்த 'சூப்பர் மெட்ராய்ட்'. யோஷியோ சகாமோட்டோ இயக்கிய விளையாட்டு. கவசம் அணிந்த சாமுஸ் என்ற பெண் வீராங்கனை, ஸீபஸ் என்னும் கோளின் அடியில் உள்ள குகைகளுக்குள் இறங்குகிறாள். கதை அவ்வளவுதான். மற்றதையெல்லாம் வரைபடம் சொல்கிறது.

முதல் திரும்புகை

சாமுஸின் விண்கலம் மழையில் தரையிறங்குகிறது. அங்கிருந்து கீழே இறங்கினால் நீண்ட பாதையும் பாழடைந்த அறைகளும் வருகின்றன. எதிரி ஒருவர்கூட இல்லை. சுட ஒன்றுமில்லை, அஞ்ச ஒன்றுமில்லை. மின்தூக்கியில் இறங்கியதும் சற்று இடப்பக்கத்தில் 'மார்ஃப் பால்' கிடைக்கிறது. சாமுஸ் ஒரு சிறு பந்தாகச் சுருண்டு, குறுகிய இடைவெளிகளில் உருண்டு செல்வதற்கான திறன் அது. அதைப் பெற்றபின், வலப்பக்கத்துக் குறுகிய வழியில் உருண்டு போனால் ஐந்து ஏவுகணைகள் கொண்ட ஒரு பொதி கிடைக்கும். அதற்கு மேல் அங்கே போக வழியில்லை. திரும்பித்தான் ஆகவேண்டும்.

மின்தூக்கியில் மேலே வந்தால், சற்று முன்பு காலியாக இருந்த அதே அறைகளில் விண்வெளிக் கொள்ளையர்கள் காத்திருக்கிறார்கள். அமைதியாக இறங்கிய பாதையில் இப்போது சண்டையிட்டு ஏறவேண்டும். மேலே சிவப்புக் கதவு ஒன்று இருக்கிறது. சாதாரணக் குண்டுகளுக்கு அது திறக்காது. ஐந்து ஏவுகணைகள் வேண்டும். கையில் இருப்பதும் சரியாக ஐந்து!

ஏறக்குறைய முதல் பத்து நிமிடங்களில் நடக்கும் இந்தச் சிறு திரும்புகை, விளையாட்டின் முழு இலக்கணத்தையும் ஒரு சொல்கூடப் பேசாமல் கற்பித்துவிடுகிறது. பார்த்த இடம் பார்த்தபடியே இருக்காது. கையில் ஒன்று புதிதாக வந்தால் பின்னால் ஒன்று திறக்கும். செக்குமாட்டின் சுற்றில் இந்த இரண்டுமே கிடையாது. மாடும் மாறுவதில்லை, பாதையும் மாறுவதில்லை. இங்கே இரண்டும் மாறுகின்றன. என் தோழரின் உவமையில் நான் காணும் குறை இதுதான்.

பூட்டு எத்தனை வகை?

எல்லாப் பூட்டும் ஒன்றல்ல. சூப்பர் மெட்ராய்டிலேயே மூன்று வகைகளைக் காணலாம்.

முதலாவது, நிறக் கதவு. சிவப்புக்கு ஏவுகணை, பச்சைக்குச் சூப்பர் ஏவுகணை, மஞ்சளுக்குப் 'பவர் பாம்' என்னும் பெருங்குண்டு. இது சாவியும் பூட்டும் போன்றதே. ஆனால் இங்கே சாவியாகப் பயன்படுவது ஆயுதமும்கூட. கதவைத் திறந்தபின் அது சட்டைப்பையில் தூங்குவதில்லை. அடுத்த எதிரியின் மீது பாய்கிறது.

இரண்டாவது, உடலின் இயலாமை. உயரம் எட்டவில்லை, இடைவெளி தாண்ட முடியவில்லை, துவாரத்துக்குள் நுழைய முடியவில்லை. இங்கே கதவே இல்லை. சுவரும் பள்ளமும்தான் பூட்டு.

மூன்றாவதை நான் மென்பூட்டு என்று அழைக்க விரும்புகிறேன். நார்ஃபேர் என்ற பகுதியின் கொதிக்கும் அறைகளுக்குள் யாரும் போகலாம், தடை இல்லை. ஆனால் 'வேரியா' கவசம் இல்லாமல் நுழைந்தால் உயிராற்றல் நொடிக்கு நொடி குறைந்துகொண்டே போகும். அதேபோல் நீருக்குள் இறங்கலாம். ஆனால் 'கிராவிட்டி' கவசம் இல்லாதவரை கால்கள் கனத்து, குதிப்பு தளர்ந்துவிடும். கதவு 'வராதே' என்கிறது. மென்பூட்டோ 'வந்து பார், தெரியும்' என்கிறது. ஆட்டக்காரர் தம் உடலால் அறிந்த தடை நினைவில் ஆழமாகப் பதிகிறது. பின்னால் அந்தக் கவசம் கிடைக்கும்போது, எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சுட்ட இடம் மறக்காது அல்லவா?

ஒரு கோபுரத்தின் கதை

இனி ஒரு முழுச் சுற்றைப் பார்ப்போம். பிரின்ஸ்டார் பகுதியில், ஆட்டக்காரர்கள் 'சிவப்புக் கோபுரம்' என்று அழைக்கும் செங்குத்தான நீண்ட குழி ஒன்று உண்டு. முதல்முறை வரும்போது நாம் அதன் பக்கவாட்டில் உள்ள ஒரு கதவு வழியாக நுழைகிறோம். மேலே நிமிர்ந்தால் பாதை நீண்டுகொண்டே போகிறது. குறுக்கே 'ரிப்பர்' எனப்படும் பறக்கும் பூச்சிகள் இங்குமங்கும் போய்க்கொண்டிருக்கின்றன. நம் சாதாரணக் குண்டுகளுக்கு அவை சாவதில்லை. பட்டால் நமக்குத்தான் அடி. மேலே ஏற வழியில்லை என்று கண்டு கீழே இறங்குகிறோம்.

கீழிருந்து கிழக்கே சென்றால் கண்ணாடிக் குழாய் ஒன்றின் வழியாக நடக்கிறோம். வெளியே தண்ணீர். வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்து விடுகிறோம். அப்பால் ஒரு மின்தூக்கி அறை. அதன் உயரத்தில் இன்னொரு வழி தெரிகிறது, குதித்தால் எட்டவில்லை. ஆகவே மின்தூக்கியில் நார்ஃபேருக்கு இறங்குகிறோம். அங்கே பல கதவுகள் சூடான அறைகளுக்குப் போகின்றன. உள்ளே போனால் சுடுகிறது. சூடில்லாத ஒரு பக்கத்தில் உயரக் குதிக்க உதவும் காலணி கிடைக்கிறது.

இப்போது மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. உயரக் குதிக்க முடியும் என்றால், எட்டாத அந்த வழி? மேலே திரும்புகிறோம், எட்டுகிறது. அங்கே கிரெய்ட் என்ற பேருருவப் பகைவன். அவனை வென்றால் வேரியா கவசம். கவசம் கிடைத்ததும் மனம் தானாகவே கீழே ஓடுகிறது. சுட்ட அறைகள் இனிச் சுடா. நார்ஃபேரில் தேடினால் பனிக்கதிர் கிடைக்கும். எதிரிகளை உறையவைக்கும் ஆயுதம் அது.

பனிக்கதிரால் உறைந்த எதிரியின் மீது நிற்கலாம் என்று கண்டுகொள்ளும் கணத்தில் சிவப்புக் கோபுரம் நினைவுக்கு வரவேண்டும். கொல்ல முடியாத அந்த ரிப்பர்கள்! மீண்டும் கண்ணாடிக் குழாயைக் கடந்து, கோபுரத்தின் அடியில் நின்று, ஒவ்வொரு ரிப்பரையும் உறையவைத்து அதன் மேல் ஏறி, அடுத்ததை உறையவைத்து ஏறுகிறோம். அன்று தொல்லையாக இருந்தது இன்று படிக்கட்டு. கோபுரத்தின் உச்சியைக் கடந்து சென்றால் பவர் பாம் கிடைக்கிறது.

இந்தச் சுற்றில் கோபுரம் ஒரு கல்கூட மாறவில்லை. ரிப்பர்களும் அதே ரிப்பர்கள்தாம். மாறியது அவற்றை நாம் பார்க்கும் பார்வை. ஒரே அறையை வடிவமைத்து, அதை இரண்டு அறைகளாக ஆக்கிவிட்டார்கள். இதை 'நேரத்தை இழுத்தடிப்பது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கண்ணாடிக் குழாய்? அதை இதற்குள் இரண்டு முறையாவது கடந்திருப்போம். அது கதவு என்று எந்த அடையாளமும் இல்லை. பவர் பாமை அதன் உள்ளே வைத்து வெடித்தால் கண்ணாடி விரிசல் விட்டு நொறுங்கி, வெளியே தெரிந்த நீர்ப்பகுதியான மரீடியா நமக்குத் திறக்கிறது. அலங்காரம் என்று நினைத்தது வாசலாகிவிட்டது. ஆனால் கிராவிட்டி கவசம் இல்லாவிட்டால் அந்த நீரில் தள்ளாடித்தான் நடக்கவேண்டும்; அதாவது, ஒரு பூட்டுக்குள் இன்னொரு மென்பூட்டு.

கையில் இல்லாத சாவி

இன்னொரு வகைத் திறப்பும் உண்டு. அதற்குப் பொருள் எதுவும் வேண்டாம். பச்சைப் பிரின்ஸ்டாரின் மறைவான ஒரு குழிக்குள் மூன்று சிறு பிராணிகள் இருக்கின்றன. அவை இரு சுவர்களுக்கு இடையே மாறி மாறி உதைத்து மேலே ஏறிக் காட்டுகின்றன. குழியில் விழுந்த நாம் அவற்றைப் பார்த்து அதேபோல் செய்தால் வெளியேறலாம். இந்தச் சுவர்க்குதிப்பு, சாமுஸிடம் விளையாட்டின் முதல் நொடியிலிருந்தே இருந்த திறன். நமக்குத்தான் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்டவர் அடுத்தமுறை விளையாடும்போது, சிவப்புக் கோபுரத்தில் பனிக்கதிருக்காகக் காத்திருப்பதில்லை. சுவரை உதைத்தே ஏறிவிடுகிறார். வடிவமைப்பாளர் போட்ட வரிசையை அறிவு உடைத்துவிடுகிறது. பூட்டுகள் சுவராகவும் பள்ளமாகவும் இருப்பதால்தான் இது முடிகிறது. வெறும் சாவி கேட்கும் கதவிடம் எந்தத் திறமையும் செல்லாது.

எங்கே பிழைக்கிறது?

என் தோழருக்கும் நியாயம் செய்யவேண்டும். இந்த வகையில் வந்த விளையாட்டுகள் பலவற்றில் திரும்பி நடப்பது உண்மையிலேயே தண்டனையாகிவிடுகிறது. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று, சாவி வெறும் சாவியாகவே இருப்பது. பெரிதும் போற்றப்படும் 'சிம்பனி ஆஃப் தி நைட்'டிலும் இது உண்டு. அதில் கோட்டை நூலகரிடம் ஒரு மணியைக் காசு கொடுத்து வாங்கினால் நீலக் கதவுகள் திறக்கும். வேறு எதற்கும் அது உதவாது. அதே விளையாட்டில் நாயகன் வௌவாலாக மாறும் திறனைப் பெற்றால், கோட்டையின் ஒவ்வோர் அறையும் உயரம் என்ற புதிய பொருளைப் பெறுகிறது. இரண்டும் வழி திறப்பவைதாம். மணி சில கதவுகளை மாற்றுகிறது. வௌவால் முழுக் கோட்டையையும் மாற்றுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உலகத்திலுள்ள பூட்டுகளையெல்லாம் நீக்கிவிட்டாலும் அந்தத் திறனை நாம் விரும்பிப் பயன்படுத்துவோமா? இல்லை என்றால் அது சாவி மட்டுமே. அதற்காக நடக்கும் நடையும் நடை மட்டுமே.

இரண்டாவது காரணம் நினைவு. இந்த விளையாட்டுகள் ஆட்டக்காரரின் நினைவை நம்பிக் கட்டப்பட்டவை. தொடர்ந்து விளையாடினால் சிவப்புக் கோபுரம் மனத்தில் நிற்கும். தேர்வுக்காக மூன்று வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பினால்? வரைபடத்தில் கட்டங்கள் தெரியும். எந்தக் கட்டத்தில் எது நம்மைத் தடுத்தது என்பது தெரியாது. சூப்பர் மெட்ராய்டின் வரைபடம் போன இடத்தை ஒரு நிறத்திலும், போகாத இடத்தை வேறொரு நிறத்திலும் காட்டும். கதவுகளையோ தடைகளையோ காட்டாது. அப்போது ஆட்டக்காரர் ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்க்கத் தொடங்குகிறார். அந்த நிலையில் அவர் செக்குமாடுதான், மறுக்கமாட்டேன்.

வரைபடம் யாருடையது?

இதற்கு விளையாட்டு நிறுவனங்கள் கண்ட மருந்து, போகவேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்டுவது. 2002இல் வந்த 'மெட்ராய்ட் ஃப்யூஷன்' இதைச் செய்தது. விண்கலத்தின் கணினி ஒவ்வொரு கட்டத்திலும் 'இங்கே போ' என்று புள்ளி வைத்துக் கொடுக்கும். கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒரு கதை அது என்பதால் அங்கே அது ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அதையே பொதுவிதியாக்குவதை நான் எதிர்க்கிறேன். பனிக்கதிர் கிடைத்தவுடன் சிவப்புக் கோபுரத்தின்மீது ஒரு புள்ளி மின்னியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடந்த தூரம் அதேதான். ரிப்பர் படிக்கட்டாகும் கணம் மட்டும் காணாமல் போயிருக்கும். புள்ளி நடையைக் குறைப்பதில்லை. நடக்கக் காரணமாக இருந்த எண்ணத்தைத்தான் குறைக்கிறது.

அப்படியானால் மறதிக்கு என்ன வழி? 2017இல் ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி வெளியிட்ட 'ஹாலோ நைட்' ஒரு வழியைக் காட்டியது. அதில் வரைபடம் இலவசமன்று. ஒவ்வொரு பகுதியிலும் கார்னிஃபர் என்ற வரைபடக்காரரைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கவேண்டும். அவர் தருவதும் அரைகுறைதான். எழுதுகோல் ஒன்றை வாங்கி வைத்திருந்தால், நாம் சுற்றிய இடங்கள் ஓய்விருக்கையில் அமரும்போது வரைபடத்தில் சேரும். விரும்பினால் குறியூசிகளை வாங்கி, நம்மைத் தடுத்த இடங்களில் நாமே குத்தி வைக்கலாம். எந்த ஊசி எதற்கு என்பது நம் கணக்கு.

2024இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்' இன்னும் ஒரு படி மேலே போனது. தடைபட்ட இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், அக்காட்சி படமாகப் பிடிக்கப்பட்டு வரைபடத்தில் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து வந்தாலும், வரைபடத்தைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தால் போதும்: 'ஆமாம், இந்தப் பள்ளத்தைத்தான் அன்று தாண்ட முடியவில்லை.' விடை அதில் இல்லை. கேள்வி மட்டும் பத்திரமாக இருக்கிறது. இலக்கைக் குறித்துக் காட்டும் முறை வேண்டும் என்பவருக்கு அதே விளையாட்டில் அந்தத் தேர்வும் தரப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தப் படம்பிடிக்கும் வசதி இருக்கும்போது அந்தத் தேர்வுக்குத் தேவை மிகவும் குறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

இதுதான் நான் வற்புறுத்த விரும்பும் வேறுபாடு. ஃப்யூஷனின் வரைபடம் பிறர் எழுதிய ஆணை. லாஸ்ட் கிரவுனின் வரைபடம் நான் எழுதிய நாட்குறிப்பு. நான் பார்த்ததை எனக்காக நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியை மனமார வரவேற்கிறேன். நான் பார்த்ததிலிருந்து எனக்குப் பதிலாக முடிவெடுக்கும் கருவி எனக்கு வேண்டாம். மறதியைப் போக்குவதும் சிந்தனையைப் போக்குவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றெனக் கருதியே, திரும்பி நடக்கும் சிரமத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லித் திரும்பி நடப்பதன் பொருளையே எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே நண்பர்களே, அடுத்தமுறை இவ்வகை விளையாட்டொன்றில் பூட்டிய வழி ஒன்றின்முன் நிற்கும்போது 'எவ்வளவு தூரம் திரும்ப நடக்கவேண்டும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்குக் கிடைக்கப்போவது சாவியா, திறனா? நான் திரும்பி வரும்போது இந்த இடம் எனக்கு வேறாகத் தெரியுமா? இங்கே திரும்பி வரவேண்டும் என்பதை நானே கண்டுகொள்வேனா, அல்லது புள்ளி வைத்துச் சொல்வார்களா? மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால் தயங்காமல் நடக்கலாம். இல்லையென்றால் என் அறைத்தோழர் சொல்வதே சரி. விளையாட்டை மூடிவைத்துவிட்டு ஒப்படைப்பை எழுதப் போகலாம்.